சுவரில் இரண்டாவது ஆள்

பழியை ஒருவன் தலையில் கட்டிவிட்டு வெற்றி மாலையை இன்னொருவன் கழுத்தில் போட்ட கதையை நீங்கள் கேட்டதுண்டா? கேட்டது போதும். இன்று வந்து பாருங்கள். ஆலைத் திடலின் வடக்குக் கோல் கம்பத்துக்குப் பின்னால், கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். மேடையிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியாதது அங்கிருந்து தெரியும்.

அங்கே நின்று பந்து பிடித்தவனை எல்லாரும் பல்லி என்றே அழைத்தார்கள். கம்பத்துக்குக் கம்பம் ஒட்டிக்கொண்டு தாவுவான் என்பதால் வந்த பெயர். ஆலையின் நூற்புப் பிரிவில் அவனுக்கு வேலை. அந்த வேலையே பந்தாட்டத்துக்காகக் கொடுக்கப்பட்டது. ஆலைக் குடியிருப்பில் இருந்த இரண்டு அறை வீடும் அந்த வேலையோடு வந்தது. அணியில் இடம் போனால் வேலை போகும்; வேலை போனால் வீடு போகும். ஒரே நூலில் கோத்த மூன்று மணிகள்!

மூன்று மாதங்களுக்கு முன் ஓர் ஆட்டத்தில் எதிரணிக்கு ஃப்ரீ கிக் கிடைத்தது. கோலுக்கு இருபது கஜங்கூட இல்லாத இடத்தில் எதிரி பந்தை வைத்தால் வெறுங்கையோடு தடுக்க முடியாது. பந்திலிருந்து பத்து கஜம் தள்ளி ஆட்கள் தோளோடு தோள் சேர்ந்து மனிதச் சுவராக நிற்பார்கள். சற்றுத் தூரமாக இருந்தாலும் இதே முறைதான். சுவர் ஒரு பக்கக் கோலை மறைக்கும். மறுபக்கத்தைக் கோல் கீப்பர் காப்பான். அன்று பல்லி இடது கம்பத்தை ஒட்டி நின்று, கையசைத்து, நால்வரை நிறுத்தினான். வெளியோரத்திலிருந்து இரண்டாவது ஆள் பந்துக்கும் கம்பத்துக்கும் நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். அவன்தான் சுவரின் தூண். அந்த இடத்தில் நின்றவர் அணித் தலைவர், முதலாளியின் தங்கை மகன், எல்லாருக்கும் ‘சின்னவர்’.

பந்து உதைபட்டது. சின்னவர் முகத்துக்கு அஞ்சித் தோளைத் திருப்பினார். சுவரில் ஓர் ஆள் அகல ஓட்டை! வலப்பக்கத்தைக் காத்து நின்றவனுக்கு இடப்பக்கம் நுழைந்த பந்து கண்ணில் பட்டபோதே அது வலையில் கிடந்தது. மேடையில் இருந்தவர்கள் வலையை மட்டுமே பார்த்தார்கள். “பல்லி தூங்கிட்டான்யா!” என்று யாரோ கத்தினார்கள். அந்தக் கத்தலே தீர்ப்பாயிற்று. மறுநாளே அவனை அணியிலிருந்து நீக்கினார்கள்; கோப்பை ஆட்டங்கள் முடியும்வரை மட்டும் வேலையிலும் வீட்டிலும் விட்டுவைத்தார்கள்.

அவனுக்குப் பதிலாக வந்தவனின் விரல் கடைசி ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில் முறிந்தது. கோப்பையைத் தீர்மானிக்கும் ஆட்டம் அது. சமன் செய்தாலே போதும், கோப்பை ஆலைக்கு. மேலாளர் பல்லியை அலுவலகத்துக்கு அழைத்தார். மேசைமேல் தட்டச்சு செய்த ஒரு தாள்.

“படிச்சுப் பாரு. படிக்காமப் போட்டாலும் சரிதான்.”

‘அந்தக் கோல் என் கவனக்குறைவால் மட்டுமே விழுந்தது. இனி ஒருமுறை நேர்ந்தால் வேலையிலிருந்து நானே விலகிக்கொள்கிறேன்.’

“சார், அது சுவர்ல ஓட்டை விழுந்து...”

“சுவர்னா யாரு? பேரைச் சொல்லேன் பாப்போம்.”

பல்லி பேரைச் சொல்லவில்லை. சொன்னால் நாளைக்கே வீடு இல்லை; எழுதினால் என்றைக்கும் மானம் இல்லை. பேனாவை எடுத்தான்.

வீட்டில் அவன் மனைவி, அதே ஆலையில் நூல் சுற்றும் பிரிவுக்காரி, தாள் தயாரான சேதியைக் கேட்டிருந்தவள், அவன் முகத்தைப் பார்த்ததும் கண்டுகொண்டாள்.

“கையெழுத்துப் போட்டுட்டீங்களா?”

“போட்டுட்டேன்.”

“தப்பு பண்ணுனவரு கையெழுத்து?”

“அவரு கையி சுளுக்கிடுமாம்.”

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. “கோல் விழுந்தா உங்க தப்பு. விழலைன்னா?”

“விழலைன்னா கோப்பைடி.”

“அது சரி, அப்புறம்?” என்றாள்.

ஆட்டம் தொடங்கியது. எண்பத்து மூன்று நிமிடங்கள் வரை கோல் இல்லை. எதிரணி விடவில்லை, அவர்களுக்கு வெற்றியே வேண்டும். உயரப் பந்துகளை முஷ்டியால் தட்டினான். காலடிப் பந்துகளை மார்போடு அணைத்து விழுந்தான். எண்பத்து நான்காம் நிமிடம் பெனால்டி எல்லைக்கு வெளியே, இடப்புறம், எதிரணி ஆளை ஆலைக்காரன் ஒருவன் தடுக்கி விழவைத்தான். நடுவர் விசில் ஊதினார். ஃப்ரீ கிக். அதே இடம்!

பல்லி கம்பத்தை ஒட்டி நின்று சுவரை நிறுத்தினான். தலைவரைப் பார்த்துக் கெஞ்சினான்.

“சின்னவரே, நீங்க வெளிய போங்க. தெறிச்சு வர்ற பந்தைப் பாத்துக்குங்க. இந்த இடத்துல வேற ஆளை விடுங்க.”

“எனக்கே இடம் சொல்றியா? போட்ட கையெழுத்தே இன்னும் காயலடா, பல்லி. போய் உன் வேலையைப் பாரு.”

சுவரில் இரண்டாவது ஆளாக அவரே நின்றார்.

இப்போது எண்ணிப் பாருங்கள், தோழர்களே! இடப்பக்கம் நகர்ந்தால் வலப்பக்க மூலை திறந்து கிடக்கும். வலப்பக்கம் நின்றால் ஓட்டை வழியே பந்து வரும். எந்தப் பக்கம் போனாலும் அந்தத் தாள் காத்திருக்கிறது. கூண்டுக்கு இரண்டு கதவு, இரண்டிலும் பூட்டு!

அவன் தன் இடத்திலேயே நின்றான். ஆனால் பந்தை மட்டும் பார்க்கவில்லை; சின்னவரின் குதிகால்களையும் பார்த்தான். முகத்தை மறைக்க நினைப்பவனின் உடல் முதலில் காலில்தான் திரும்பும். மூன்று மாதமாகத் தூங்காமல் அவன் திரும்பத் திரும்பப் பார்த்த காட்சி அது. உதைப்பவன் கடைசி அடி வைத்தான். சின்னவரின் இடக் குதிகால் வெளிப்புறமாகத் திரும்பியது.

ஒரே ஒரு சின்ன அடி, இடப்பக்கம். பிறகு பாய்ச்சல். ஓட்டையிலிருந்து பந்து பிறந்து வந்த கணத்தில் இடக்கை நீண்டது. விரல் நுனி பட்டது. பந்து கம்பத்தின் வெளிப்புறம் உரசி, வலைக்கு வெளியே எல்லைக்கோட்டைத் தாண்டியது. கார்னர், மூலையிலிருந்து எதிரணிக்கு இன்னோர் உதை. அந்தப் பந்தையும் கூட்டத்துக்கு மேலே எழும்பி இரு கைகளாலும் பறித்து, வயிற்றோடு அழுத்திக்கொண்டு தரையில் கிடந்தான். பிறகு ஆட்டம் முடியும் விசில். கோல் இல்லை. கோப்பை ஆலைக்கு!

சின்னவரைத் தோளில் தூக்கினார்கள். மேலாளர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“தொழிலாளத் தோழர்களே! தவறை ஒத்துக்கொண்ட ஒருவன் எப்படித் திருந்தினான் என்று கண்டீர்கள். அன்று விட்டதை இன்று பிடித்தான். அந்தக் கடிதம் அவனை மனிதனாக்கியது. அது இனி நம் தொழிலாளர் மன்றச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும்!”

கைதட்டல் வானைப் பிளந்தது. விட்டிருந்தால் குற்றவாளி, பிடித்ததால் அன்றைய குற்றத்துக்கு அவனே சாட்சி. எந்தக் கையால் கோலைக் காத்தானோ, அதே கையால் தன் பழியை முத்திரையிட்டுவிட்டான்!

கூட்டத்தில் நின்ற மனைவியை அவன் பார்த்தான். அவள் கைதட்டவில்லை.

“அந்தத் தாளை மாட்டக் கூடாதுன்னு சொல்லுங்க,” என்றாள், அருகில் வந்து.

“எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க. இப்போ போய்...”

“எப்போ?”

கையுறையைக் கழற்ற முயன்றான். விரல் வீங்கியிருந்ததால் அது வரவில்லை. வேலியின் பின்னால் நின்ற ஆலைத் தொழிலாளர் முந்நூறு பேரையும் அவள் திரும்பிப் பார்த்தாள். முந்நூறு பேரும் அன்றும் இன்றும் அந்தக் குதிகாலைக் கண்டவர்கள். ஒருவர்பின் ஒருவராகத் தலை குனிந்து வீட்டுக்குப் போனார்கள்.

அந்தத் தாள் இன்றும் மன்றச் சுவரில் தொங்குகிறது. அதற்குக் கீழே வெற்றிடம் ஏராளம். வேலியின் பின்னால் நின்றவர்களே, உங்களைத்தான் கேட்கிறேன்! ஒருவன் பேசினால் வீடு போகும். முந்நூறு பேர் பேசினால் எத்தனை வீட்டைப் பறிப்பார்கள்? நாளைக் காலை ஷிப்டுக்கு முன் மன்றத்துக்குப் போங்கள். ‘சுவரில் இரண்டாவது ஆள் திரும்பினார், நான் பார்த்தேன்’ என்று எழுதுங்கள். உங்கள் பெயரைக் கீழே போடுங்கள்.