அட்டவணையில் இல்லாத கனம்

"மெஷினை நிறுத்துங்கண்ணா! நிறுத்துங்க!"

ஜெயப்ரியா ஓடிவருவதைக் கண்டதுமே கோதண்டம் சிவப்புப் பொத்தானைத் தட்டிவிட்டார்.

"இன்னா மேடம், காலைலேர்ந்து மூணாவது தபா. ஓட்றதா, குந்திகினு இருக்கிறதா?"

"உட்காருங்கண்ணா. என் வேலை போச்சுன்னா நானும் வந்து பக்கத்துல உட்கார்றேன்."

மறைமலை நகரின் அந்தச் சின்னக் கம்பெனி, பேரிங்கைத் தாங்கும் உலோகக் கூடான பேரிங் ஹவுசிங் செய்தது. ஒரே வடிவம், ஆறு அளவுகள். கம்ப்யூட்டரில் வரைந்த மாடல் ஒன்றுதான். அதற்குள் ஓர் எக்செல் அட்டவணை. வரிசைக்கு ஓர் அளவு. துளை, வெளிவிட்டம், நீளம்... ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றினால் அந்த அளவு மட்டும் மாறும். டிசைன் பார்க்கும் ஜெயப்ரியா போட்ட அட்டவணை.

இன்று காலை, அனுப்பிய 50 சைஸ் ஹவுசிங்குகள் அப்படியே டெம்போவில் திரும்பி வந்துவிட்டன. விளிம்புத் தட்டான ஃபிளாஞ்சின் கனம் 12 மில்லிமீட்டர் இருக்க வேண்டியது, 10 இருந்தது. இப்போது ஓடிய 45 சைஸிலும் அதே 10.

மாடியில் மேனேஜர் ஸ்ரீநிவாசராகவன் கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.

"டேபிள்ல தப்புன்னு எம்.டி.க்கு எழுதிடறேம்மா. புரொபேஷன்ல இருக்கே... அப்புறம் என் கையில இல்ல."

"இன்னொரு தடவை பார்த்துடறேன் சார்."

"நாலு தடவை பாத்தாச்சேம்மா."

ஐந்தாவது தடவையும் பார்த்தாள். கண் எரிந்தது. தாம்பரத்தில் ரயிலேறியதிலிருந்து ஒரு வாய் காபி இறங்கவில்லை. ஆறு வரிசையும் சுத்தம்.

அப்போதுதான் உறைத்தது. அட்டவணையில் ஃபிளாஞ்ச் கனமே இல்லை! ஆறு அளவுக்கும் 12 தானே என்று அவள் அதற்குத் தனிப் பத்தி வைக்கவில்லை. அது மாடலில் நேரடியாக நிற்கும் எண்.

"சார், இங்க பாருங்க."

80 சைஸைத் திறந்தாள். திரையில் அந்த 10-ஐ இரண்டு முறை தட்டினாள். சின்னப் பெட்டி ஒன்று விரிந்தது. இந்த அளவுக்கு மட்டுமா, எல்லா அளவுகளுக்குமா என்று தேர்ந்தெடுக்கும் இடத்தில் 'எல்லாம்' நின்றது. 11 என்று போட்டாள். பிறகு 50-ஐத் திறந்தாள். அங்கேயும் 11. 45-லும் 11.

"வெயிட் குறைக்கணும், 80-க்கு மட்டும் 10 போதும்னு கஸ்டமர் வெள்ளிக்கிழமை போன் பண்ணாங்களே சார்? அன்னிக்கு நான் லீவு. யாரோ இதைக் கவனிக்காம மாத்தியிருக்காங்க. ஆறும் மாறிடுச்சு."



அவள் அட்டவணையில் புதுப் பத்தி சேர்த்தாள். ஐந்து கட்டங்களில் 12. 80-க்கு 10.

"மேடம், ஓட்டலாமா?" கீழேயிருந்து கோதண்டம் கத்தினார்.

"இருங்கண்ணா!" அவள் திரும்பினாள். "வெள்ளிக்கிழமை என் சிஸ்டத்துல யார் சார் உட்கார்ந்தது?"

அவர் கண்ணாடியை மெதுவாக மாட்டிக்கொண்டார். பாதி எழுதிய மெயிலை அழித்தார்.

"நான்தாம்மா."