செவ்வாய்க்கிழமை ஒன்று ஐம்பது

மணிமொழிக்கு அந்த நிறுவனத்தில் ஒரு பட்டப்பெயர் இருந்தது. லேட் மேடம். வைத்தவன் வெற்றிவேல். செஞ்சியில் திண்டிவனம் சாலையில், உரக்கடைக்கு மேல் மாடியில் இருக்கும் அந்த அலுவலகத்தில் பதினான்கு பேர் வேலை செய்கிறார்கள். சென்னையில் கிளை கிளையாக இருக்கும் ஒரு மருத்துவமனைக்கு பில் போடும் மென்பொருளில் சிக்கல் வந்தால், அங்கிருந்து டிக்கெட் போடுவார்கள். டிக்கெட் என்றால் எண் போட்ட புகார், அவ்வளவுதான். இவர்கள் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். வெற்றிவேல் அவர்களுக்கெல்லாம் லீடர். மணிமொழியும் ஒரு காலத்தில் அவனுக்குக் கீழே ஒரு சின்னக் குழுவுக்கு லீடராக இருந்தவள்தான்.

போன ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை நாலு பத்துக்கு அவள் பேருக்கு ஒரு டிக்கெட் வந்தது. சனி, ஞாயிறு விடுமுறை. திங்கள்கிழமை பதினொன்றே முக்காலுக்குப் பதில் அனுப்பினாள். அதற்குள் திரையில் அந்த டிக்கெட் சிவந்து போயிருந்தது. ஆறு மணி நேரத்துக்குள் முதல் பதில் போக வேண்டும் என்பது ஒப்பந்தம். வெள்ளி நாலு பத்தோடு ஆறு மணி நேரத்தைக் கூட்டினால் அன்று இரவே பத்து பத்து. அந்தக் கணக்கில் அவள் இரண்டரை நாள் தாமதம்.

"சனி, ஞாயிறு ஆபீசே இல்லியே சார்" என்றாள்.

"கடியாரம் பொய் சொல்லாதும்மா. செவப்பு வந்துச்சா, லேட்டு. அவ்ளோதான்" என்றான் வெற்றிவேல்.

அதோடு விட்டானா? எல்லோர் முன்னாலும் அவளை எழுந்து நிற்க வைத்து, மருத்துவமனையின் கணினிப் பொறுப்பாளர் கலைவாணிக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்கச் சொன்னான். கேட்டாள். குரல் உடைந்தது. பின் வரிசையில் சுமலதா களுக்கென்று சிரித்தது இன்றைக்கும் அவள் காதில் இருக்கிறது. மறுநாள் எச்சரிக்கைக் கடிதம் வந்தது, லீடர் நாற்காலி போனது. முதலாளி கோதண்டராமன் பயந்துபோய், ஒவ்வொரு டிக்கெட்டும் நேரத்துக்குப் போனதா என்று கையால் சரிபார்த்து மாதாமாதம் மருத்துவமனைக்கு ரிப்போர்ட் அனுப்ப ஒரு மேசை போட்டார். தண்டனையாக அந்த மேசையில் மணிமொழியை உட்கார வைத்தார்கள்.

தண்டனை என்று அவர்கள் நினைத்தார்கள். அந்த மேசையின் இழுப்பறையில்தான் ஒப்பந்தத்தின் நகல் இருந்தது. அதுவரை குழு லீடர்களுக்குக்கூடக் காட்டாமல் முதலாளியும் வெற்றிவேலும் மட்டும் வைத்திருந்த நகல். முதல் வாரமே உட்கார்ந்து வரி வரியாகப் படித்தாள். ஆறு மணி நேரம் என்பது வேலை நேரக் கணக்கில் ஆறு மணி நேரம். திங்கள் முதல் வெள்ளி வரை, காலை ஒன்பதரை முதல் மாலை ஐந்தரை வரை. ஐந்தரைக்குக் கடிகாரத்தை நிறுத்தி, அடுத்த வேலை நாள் ஒன்பதரைக்கு விட்ட இடத்திலிருந்து ஓட்ட வேண்டும். திரையில் இருந்த மென்பொருளோ வாங்கின நாளிலிருந்து இரவு பகல் பாராமல் ஓடும்படி வைக்கப்பட்டிருந்தது. யாரும் மாற்றவே இல்லை.

ஒரு தாளை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். வெள்ளி நாலு பத்திலிருந்து ஐந்தரை வரை ஒரு மணி இருபது நிமிடம். மீதி நாலு மணி நாற்பது. திங்கள் ஒன்பதரையிலிருந்து அதைக் கூட்டினால் பிற்பகல் இரண்டு பத்து. அவள் பதில் அனுப்பியது பதினொன்றே முக்கால். கெடு முடிய இரண்டு மணி இருபத்தைந்து நிமிடம் மிச்சம் இருந்தது.

அப்போதே தாளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கலாம். ஓடவில்லை. போய்ச் சொன்னால் வெற்றிவேல் சிரிப்பான், நடந்தது நடந்துபோச்சு என்பான், கோதண்டராமன் தலையைச் சொறிவார். அவளுக்கு அது போதாது. வேலை நேரம்தான் கணக்கு என்று அவன் வாயாலேயே, அவன் கையெழுத்தாலேயே வர வேண்டும். தாளை மடித்து ஒப்பந்தத்துக்குள் வைத்தாள். ஏழு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். சிங்கவரத்து வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் வரும்போதெல்லாம் அந்த இரண்டு பத்து அவள் கூடவே வந்தது.

மாசி வந்தது. மேல்மலையனூர் அம்மன் தேருக்குச் செவ்வாய்க்கிழமை மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விட்டிருந்தார்கள். திங்கள் மாலை மூன்று ஐம்பதுக்கு ஒரு டிக்கெட் வந்தது. மருந்துப் பிரிவில் பில் அச்சாகவில்லை. வெற்றிவேல் அதைத் தன் பேரிலேயே எடுத்துக்கொண்டான். நிறுவனம் திருவண்ணாமலையில் புதுக் கிளை திறக்கப் போகிறது, அதற்கு மேலாளராகப் போக வேண்டும் என்று அந்த மாதம் முழுக்க நல்ல பிள்ளையாக இருந்தான்.

ஐந்தரை தாண்டி இரண்டு நிமிடத்தில் பையை மாட்டிக்கொண்டு எழுந்தான். "நாளிக்கு லீவு. எல்லாம் தேர் பாக்க வந்துடுங்க. டிக்கெட்ட புதன்கெழம பாத்துக்கலாம், டென்ஷன் வேணாம்."

மணிமொழி தலையைத் தூக்கவில்லை. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் விடுமுறைப் பட்டியல் இருந்தது. சென்னை மருத்துவமனை கொடுத்த பட்டியல். பொங்கல் இருந்தது, தீபாவளி இருந்தது, மலையனூர் தேர் இல்லை. அந்தப் பட்டியலில் இல்லாத நாள் செஞ்சிக்கு விடுமுறையானாலும், ஒருவராவது உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும் என்று அடியில் எழுதியிருந்தது. படித்துப் புரிந்துகொண்டேன் என்று அதற்குக் கீழே வெற்றிவேல் கையெழுத்துப் போட்டிருந்தான். படித்திருக்க மாட்டான். அம்மனுக்குத் தேர் என்றால் உலகத்துக்கே விடுமுறை என்று நினைப்பவன்.

சொல்வதற்கு ஒரு வாக்கியம் போதும். சார், நாளைக்கு அவங்களுக்கு லீவு இல்ல. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கினாள். அது இனித்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவோம்.

புதன்கிழமை காலை பத்தேகாலுக்கு வெற்றிவேல் பதில் அனுப்பினான். திரையில் டிக்கெட் ரத்தச் சிவப்பு. நேரே அவள் மேசைக்கு வந்தான்.

"இன்னாம்மா, செவப்பா இருக்குது? ரிப்போர்ட்டுல இத லேட்டுன்னு போட்றாத."

"கடியாரம் பொய் சொல்லாதுன்னு சொல்லுவீங்களே சார்."

"அது மெஷினு, ராத்திரியும் ஓடும். அக்ரிமெண்ட்ல வேல நேரந்தான் கணக்கு. லீவு நாளு சேராது."

"நீங்க வாயால சொன்னா நான் எப்பிடி சார் மாத்தறது? முதலாளி கேப்பாரு. ஒரு மெயில் போட்டுட்டீங்கன்னா மாத்திட்றேன்."

பத்து நிமிடத்தில் மெயில் வந்தது. முதலாளிக்கும் நகல் போட்டிருந்தான். திரையின் சிவப்பு தாமதத்துக்குச் சான்று ஆகாது. ஒப்பந்தப்படி வேலை நேரம் மட்டுமே எண்ண வேண்டும். இரவும் வார விடுமுறையும் சேராது. எல்லா டிக்கெட்டுக்கும் இதுவே விதி என்று உறுதி செய்கிறேன். கீழே பெயர், பதவி, தேதி. எல்லா டிக்கெட்டுக்கும் என்ற சொல்லை அவள் மூன்று முறை படித்தாள். கேட்டு வாங்கியிருந்தாலும் இவ்வளவு நன்றாக வந்திருக்காது.

வியாழக்கிழமை காலை கூட்டம். மணிமொழி இரண்டு தாள்களை முதலாளி முன்னால் வைத்தாள். முதல் தாளில் வெற்றிவேலின் மெயில், அதன் கீழே போன ஆடியின் டிக்கெட். கோதண்டராமன் கண்ணாடியை மாட்டி, விரல் விட்டு எண்ணினார்.

"ரெண்டு பத்துதான் வருது. நீ பதினொன்னே முக்காலுக்கே அனுப்பிட்டியே."

"ஆமா சார். லீடர் சார் விதிப்படி பாத்தா நான் லேட்டே இல்ல."

வெற்றிவேல் முகம் இறுகியது. "பழச இன்னாத்துக்கு இப்ப கெளர்றது? என் டிக்கெட்ட பாருங்க சார். திங்கள் மூனு அம்பதுலேர்ந்து அஞ்சர வரைக்கும் ஒன்னு நாப்பது. செவ்வாக்கெழம லீவு. மீதி நாலு இருவது. புதன் ஒன்னு அம்பது வரைக்கும் டைம் இருக்குது. பத்தேகாலுக்கே அனுப்பிட்டேன்."

"கணக்கு சரி சார், நாளுதான் தப்பு" என்று அவள் இரண்டாம் தாளை நகர்த்தினாள். விடுமுறைப் பட்டியல். "இதுல தேர் இல்ல. அவங்களுக்கு செவ்வாக்கெழம வேல நாளு. கெடு அன்னிக்கு மதியம் ஒன்னு அம்பதோட முடிஞ்சிடுச்சு. அதுக்கப்புறம் அன்னிக்கு மூனு மணி நாப்பது நிமிஷம், புதன் காலையில முக்கா மணி. மொத்தம் நாலு மணி இருவத்தஞ்சு நிமிஷம் லேட்டு. அடியில கையெழுத்து யாருதுன்னு பாத்துக்கோங்க."

கோதண்டராமன் கண்ணாடியைக் கழற்றினார். "பட்டியல் ஒன் மேசையிலதான் இருக்குது மணிமொழி. திங்கக்கெழமயே ஒனக்குத் தெரியும். ஏம்மா சொல்லல?"

"லீடர் சார் லீவுன்னு சொன்னப்போ அஞ்சு முப்பத்திரெண்டு சார். என் வேல நேரம் முடிஞ்சி ரெண்டு நிமிஷம் ஆயிடுச்சு."

சுமலதா சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். மணிமொழிக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. ஆனாலும் செவ்வாய் முழுக்க மருந்து வாங்கக் கையில் சீட்டோடு வரிசையில் நின்றவர்கள் ஒரு கணம் கண்ணில் வந்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு அவள் ஒன்றும் பகை இல்லை. அது சுருக்கென்றது, இருந்தும் அவள் பின்வாங்கவில்லை.

"ஒன் எச்சரிக்கைக் கடிதத்த கிழிச்சிட்றேன். வேற இன்னா வேணும்?" என்றார் முதலாளி.

"நான் நின்ன எடத்துல அவரு நிக்கணும். அதே கலைவாணி மேடத்துக்குப் போன் போடணும். எல்லாருக்கும் கேக்கணும்."

வெற்றிவேல் முதலாளியைப் பார்த்தான். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். வேறு வழி இல்லாமல் நின்றான். போனை ஸ்பீக்கரில் போட்டான். தாமதத்துக்கு மன்னிக்கணும் மேடம் என்று முணுமுணுத்தான். மணிமொழி கண்ணிமைக்காமல் அவன் கழுத்தில் வேர்வை இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி சார், இந்தத் தடவ நெஜமாவே லேட்டுதான்" என்றது கலைவாணியின் குரல். "போன தடவ மாதிரி இல்ல. அன்னிக்கு பாவம் அந்தப் பொண்ணு போன்ல அழுதுச்சு. அது லேட்டே இல்ல, அக்ரிமெண்ட்ட பாருங்கன்னு அன்னிக்கு சாயங்காலமே உங்களுக்குப் போன் பண்ணி சொன்னேனே. நீங்ககூட, நான் பாத்துக்கறேன் மேடம்னு சொன்னீங்க. அந்தப் பொண்ணு இருக்குதா சார் இன்னும்?"

ஆடியில் அவன் ஒப்பந்தம் படிக்காத முட்டாளாய்த்தான் அப்படிச் செய்தான், வேலை நேர விதியைப் பிறகுதான் தெரிந்துகொண்டான் என்று ஏழு மாதமாக மணிமொழி நினைத்திருந்தாள். தெரிந்தே செய்திருக்கிறான். எச்சரிக்கைக் கடிதம் வந்தது அந்தப் போனுக்கு மறுநாள்.

"இருக்கேன் மேடம்" என்றாள் மணிமொழி, அவன் கையிலிருந்த போனை நோக்கி. "இந்த மாச ரிப்போர்ட்ட நான்தான் அனுப்புவேன்."

மேசைக்குத் திரும்பினாள். கோதண்டராமன் பின்னால் திருவண்ணாமலைக்கு வேறு ஆள் பார்க்க வேண்டும் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் வெற்றிவேலின் டிக்கெட்டைத் திறந்து, தாமதம் என்ற கட்டத்தில் நாலு மணி இருபத்தைந்து நிமிடம் என்று போட்டாள். ஒரு நிமிடமும் கூட்டவில்லை, ஒரு நிமிடமும் குறைக்கவில்லை.