தொண்ணூற்றாறு சதவீதப் பொருத்தம்

எங்கள் கம்பெனியில் ஆள் எடுக்கும் அதிகாரிக்கு நான் வைத்த பெயர் ‘சதவீதம்’. அவர் முன்னாலேயே அப்படிக் கூப்பிட்டிருக்கிறேன், சிரித்துக்கொள்வார். வேலைக்கு விளம்பரம் போடுவார், வருகிற ரெஸ்யூம்களை ஒரு மென்பொருளில் தள்ளுவார், அது ஒவ்வொன்றுக்கும் பொருத்தம் இத்தனை சதவீதம் என்று கக்கும். அதற்கு வார்த்தை மட்டும்தான் தெரியும். ‘ஆசிலோஸ்கோப்’ என்று எழுதியிருந்தால் மார்க் போட்டுவிடும். மின் துடிப்பைத் திரையில் கோடாகக் காட்டும் அந்தக் கருவியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாதவனும் அதை எழுதலாம். கடைசியில் உட்கார்ந்து படித்துத் தலையைப் பிய்த்துக்கொள்வது நான்தான்.

நாங்கள் செய்வது ஆஸ்பத்திரிக் கட்டில்களை இயக்கும் மின்சுற்றுப் போர்டு. பொத்தானை அழுத்தினால் நோயாளியின் தலைப்பக்கம் உயர வேண்டும், பாதியில் நிற்கக் கூடாது. அவ்வளவுதான் எங்கள் பிழைப்பு. என் குழுவில் ஒரு இடம் காலியாக இருந்தது. விளம்பரத்தில் நான் கேட்டது மூன்றே விஷயம். போர்டின் மூளையான மைக்ரோகண்ட்ரோலர் சிப்பில் கைப்பழக்கம் இருக்க வேண்டும். அதற்குள் ஓடும் நிரலை, ஃபர்ம்வேரை, எழுதத் தெரிய வேண்டும். போர்டில் கோளாறு வந்தால் கருவியை வைத்துத் தேடிப் பிடிக்கத் தெரிய வேண்டும். முதல் இரண்டுக்கும் ஆள் கிடைப்பார்கள். மூன்றாவதற்குத்தான் பஞ்சம்.

அன்று காலை சதவீதம் மின்னஞ்சலை நம்பாமல் காகிதத்தோடு நேரிலேயே வந்துவிட்டார்.

“மேடம், தொண்ணூத்தாறு! நான் இந்த வேலைக்கு வந்ததிலேருந்து இப்படி ஒண்ணு பாத்ததே இல்ல.”

“தொண்ணூத்தாறுன்னா எனக்கு பயம்தான் வருது சார். நம்ம விளம்பரத்தையே திருப்பி எழுதி அனுப்பியிருப்பான்.”

அப்படி இல்லை. எந்தச் சிப், அதில் என்ன எழுதினான், எது கெட்டுப்போனது, எதை வைத்துக் கண்டுபிடித்தான் என்று ஒவ்வொரு வேலைக்கும் விவரம் இருந்தது. வேலை செய்தவனின் எழுத்து. எனக்கே சந்தோஷமாகிவிட்டது. மூன்றாவது வேலைக்கு வந்தேன்.

‘கிடங்கின் தானியங்கிக் கதவு. குளிர்காலக் காலைகளில் பாதியில் நின்றுவிடும். ஹேர் ட்ரையரால் போர்டைச் சூடாக்கியும், சென்சார் இணைப்பை ஆசிலோஸ்கோப்பில் பார்த்தும் காரணம் கண்டேன். இணைப்புக் கம்பியை மேலே இழுத்துவைக்கும் புல்-அப் ரெசிஸ்டரைப் பத்து கிலோ ஓமிலிருந்து இரண்டு புள்ளி இரண்டுக்கு மாற்றிச் சரிசெய்தேன்.’

அந்த ஹேர் ட்ரையர் என்னுடையது.

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், தட்டு வைக்க இடமில்லாமல் போர்டையும் கருவிகளையும் பரப்பிக்கொண்டு, என் ட்ரையரைப் பிடுங்கி வைத்து அந்த வேலையைச் செய்தவர் என் வீட்டுக்காரர். பிறகு வேறு வேலை தேட ரெஸ்யூம் எழுதியபோது பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துப்பிழை பார்த்துக் கொடுத்தவள் நான். அவர் போய் மூன்று வருடம் ஆகிறது. ஒரு நாள் காலையில் நெஞ்சுவலி என்றார், மதியம் இல்லை. இப்போது அவருடைய வரிகள், புள்ளி கூட மாறாமல், யாரோ ஒருத்தன் பெயருக்குக் கீழே என் மேஜைக்கே வந்திருக்கின்றன.

காகிதத்தை மேஜைமேல் கவிழ்த்து வைத்தேன். சதவீதம்தான் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். அவருக்கு என் வீட்டுக்காரரைத் தெரியும், சாவுக்கும் வந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“வேலைக்கு ஆள் அனுப்பற ஏஜென்சிக்காரங்க வேலை மேடம். நல்ல ரெஸ்யூம் ஒண்ணு கைல சிக்கினா மேல பேரை மட்டும் மாத்தி மாத்தி அனுப்புவாங்க. ச்சே, செத்தவங்களைக் கூடவா... நான் புகார் எழுதிடறேன். இந்த ஆள் பேரையும் சேத்தே எழுதறேன். அப்புறம் எந்த கம்பெனிப் படியும் ஏற முடியாது.”

“எழுதுங்க. ஆனா முதல்ல கூப்பிடுங்க. எனக்கு அந்த மூஞ்சியப் பாக்கணும்.”

வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, மடியில் இறுக்கிப் பிடித்த பை. என் திட்டம் சுலபமானது: அவனைப் பேசவிட்டு, பொய்யைக் கழுத்து வரை ஏறவிட்டு, அப்புறம் கிழிப்பது. சதவீதம் புகார்க் கடிதத்தைத் தயாராக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

“மூணாவது வேலையச் சொல்லுங்க. ஹேர் ட்ரையர் எதுக்கு?” என்றேன்.

காகிதத்தைப் பார்த்தான்.

“மேடம், இது என் ரெஸ்யூம் இல்ல.”

இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. என் கோபம் போக இடமில்லாமல் நின்றது.

“ஏஜென்சில நான் குடுத்தது ஒரே பக்கம்தான். நீங்க அனுப்பின அழைப்போட இது ஒட்டி வந்தப்பதான் மாத்திட்டாங்கன்னு தெரிஞ்சுது. அன்னைக்கே உங்களுக்குச் சொல்லியிருக்கணும். வேலை வேணும், சொல்லல. கேட்டா முழிக்கக் கூடாதேன்னு இதுல இருக்கறதையெல்லாம் வீட்டுல ஒண்ணொண்ணா செஞ்சு பாத்தேன். எல்லாம் வந்துது. இந்தக் கதவு மட்டும் வரல.”

“வரலன்னா?”

“இதுல எழுதியிருக்கறது தப்பு மேடம். யார் செஞ்சாங்களோ, கோளாறு அவங்க கைல சிக்கல.”

சுர்ரென்று ஏறியது எனக்கு. திருடிய ரெஸ்யூமோடு வந்து, திருட்டுக் கொடுத்தவருக்கே மார்க் போடுகிறான்! மேஜை இழுப்பறையை வெடுக்கென்று இழுத்து, அவர் போனபிறகு வீட்டிலிருந்து கொண்டுவந்து மூன்று வருடமாக அதற்குள் போட்டுவைத்திருக்கும் அந்தக் கதவுப் போர்டை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். ஓரத்தில் ட்ரையர் சூட்டில் பழுப்பேறிய இடம் இன்னும் இருக்கிறது.

அவன் போர்டைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டான். “இது... நெஜமாவே இருக்கா மேடம்?”

“இருக்கு. செஞ்சது என் வீட்டுக்காரர்.”

எழுந்துவிட்டான். பை கீழே விழுந்தது. கதவைப் பார்த்தான்.

“எங்க போறீங்க? தப்புன்னு சொன்னீங்கல்ல. வந்து காட்டுங்க.”

சோதனை அறையில் கட்டில் மோட்டார் ஒன்று எப்போதும் மேஜைமேல் இருக்கும். அவன் பையிலிருந்து ஒரு சென்சாரை எடுத்து என் வீட்டுக்காரரின் போர்டில் மாட்டினான். போர்டுக்கும் மோட்டாருக்கும் ஒரே பவர் சப்ளையிலிருந்து ஒயர் இழுத்தான். எதையும் மாற்றிச் சொருகவில்லை. மைக்ரோகண்ட்ரோலரும் சென்சாரும் பேசிக்கொள்வது இரண்டே கம்பிகளில். ஒன்றில் தாளம் போல் துடிப்பு, இன்னொன்றில் செய்தி. இரண்டிலும் ஆசிலோஸ்கோப்பின் முனைகளை மாட்டினேன். திரையில் இரண்டு கோடுகளும் ஒழுங்காகத் துள்ளின.

“குளிர்ல கதவு மோட்டார்ல கிரீஸ் இறுகியிருக்கும் மேடம். கிளம்பறப்ப கரண்ட் ரொம்ப இழுக்கும்,” என்று சொல்லி மோட்டார் தண்டைத் துணியால் அழுத்திப் பிடித்தான். “இப்ப ஸ்விட்ச்சப் போடுங்க.”

போட்டேன். மோட்டார் உறுமியது. ஒன்றும் ஆகவில்லை. மறுபடி போட்டேன். ஒன்றும் ஆகவில்லை. சதவீதம் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மூன்றாவது தடவை மோட்டார் கிளம்பியபோது சப்ளை வோல்டேஜ் ஒரு கணம் சரிந்தது. செய்திக் கோடு கீழே விழுந்து, அங்கேயே கிடந்தது. மேலே வரவே இல்லை.

“வோல்டேஜ் சரிஞ்சதும் மைக்ரோகண்ட்ரோலர் ரீசெட் ஆயிடுது. சென்சார் ஆகல, குறைஞ்ச வோல்டேஜே அதுக்குப் போதும். அது பாதி பதில் சொல்லிட்டு அடுத்த துடிப்புக்காகக் கம்பியக் கீழ புடிச்சிட்டே நிக்குது. முழிச்சு வந்த மைக்ரோகண்ட்ரோலர் கம்பி காலியில்லன்னு பேசவே மாட்டேங்குது. ரெசிஸ்டர் எத்தனை ஓமா இருந்தா என்ன மேடம்?”

ஒரு ஒயர்த் துண்டின் ஒரு முனையைப் போர்டின் கிரவுண்டில் கோத்து, மறு முனையால் துடிப்புக் கம்பியைத் தொட்டுத் தொட்டு எடுத்தான். “ஒம்பது துடிப்புக்குள்ள விட்டுடணும்.” நாலாவது தட்டில் செய்திக் கோடு சட்டென்று மேலே ஏறியது. சதவீதம் ‘அட’ என்றார். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனால் கோடு எழுந்தது தெரிந்தது.

“அப்ப ட்ரையர்? வீட்டு மேஜைல வெச்சுதான் சூடாக்கினார்,” என்றேன்.

“கிடங்குலேருந்து போர்டைக் கழட்டினப்பவே பவர் போயிருக்கும். திருப்பிப் போட்டதும் சென்சாரும் ரீசெட் ஆகி எல்லாம் சரியாயிருக்கும். சூட்டுனாலதான் சரியாச்சுன்னு நினைச்சிருப்பாரு. வீட்டு மேஜைல மோட்டார் இருந்திருக்காதுல்ல?”

இல்லை. மோட்டார் கிடங்கில் இருந்தது. எங்கள் மேஜையில் போர்டும் சென்சாரும் என் ட்ரையரும்தான் இருந்தன. கோடுகள் மந்தமாக ஏறுவதைப் பார்த்தார், ரெசிஸ்டரை மாற்றினார், கூர்மையாகிவிட்டது. அதே மாற்றத்தோடு வேறொரு போர்டு கிடங்குக்குப் போனது, அதற்குள் வெயில் காலமும் வந்துவிட்டது. ஆனாலும் அவர் அந்தப் போர்டை மேஜையிலிருந்து எடுக்கவே இல்லை. “ஏதோ இடிக்குதுடி. சூடு வெக்காமயே ஒரு தடவை சரியாச்சு,” என்பார். “சாப்பிடற எடத்துல இதென்ன கண்றாவி,” என்று நான் கத்துவேன். கடைசி வாரம் கூட ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே இதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அழுகையா, சந்தோஷமா, என்ன எழவென்று தெரியவில்லை. அவர் தப்பு செய்தார் என்பது அல்ல என்னை உலுக்கியது. அவருக்கு இடித்தது சரி என்பதுதான்.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு வெள்ளைத்தாளை அவன் பக்கம் தள்ளினேன். “உங்க ரெஸ்யூம எழுதுங்க. உங்களோடத. இங்கயே.”

எழுதினான். ஒரே பக்கம். ஒரு சின்ன கம்பெனியில் தண்ணீர் மீட்டருக்கு ஃபர்ம்வேர். ஒரு சிப். வேறொன்றும் இல்லை. கடைசி வரியில் பேனாவை நிறுத்தி யோசித்துவிட்டு, ‘முன்பின் தெரியாத ஒரு பொறியாளர் தேடிய கோளாறைத் தொடர்ந்து தேடிக் கண்டேன்’ என்று முடித்தான்.

சதவீதம் அதை எடுத்துப்போய் மென்பொருளில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தார். “நாப்பத்தொண்ணு மேடம்,” என்றார் மெதுவாக. புகார்க் கடிதம் இப்போது அவர் கையில் இருந்தது.

“ஏஜென்சி மேல எழுதினது இருக்கட்டும் சார். இவர் பேரை அதுலேருந்து அடிச்சிடுங்க.” ஆள் தேர்வுக்கான மதிப்பீட்டுத் தாளை இழுத்து, ‘கோளாறு கண்டுபிடித்தல்’ என்ற கட்டத்துக்கு எதிரே, ‘என் கண்முன் செய்து காட்டினார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவன் புரியாமல் என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தான். வேலை கிடைத்துவிட்டது என்று உறைத்ததும் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

“ஒரு திருத்தம்,” என்றேன். “முன்பின் தெரியாத பொறியாளர்னு போட்டிருக்கீங்க. அதை அடிச்சுட்டு அவர் பேர எழுதுங்க.”

பேரைச் சொன்னேன். அவர் போனபிறகு ஆபீசில் அதை நான் சொன்னதே இல்லை. அவன் எழுத்துக் கூட்டிக் கேட்டு நிதானமாக எழுதினான். நிமிர்ந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

“மேடம், சாருக்கு இத்தனை நாளா உறுத்திட்டே இருந்திருக்கும். இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் முதல்ல அவர்கிட்ட சொல்லிடுங்க.”

சதவீதம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் அவரைப் பார்த்தேன். மூடிக்கொண்டார்.

“சொல்லிடறேன்,” என்றேன்.