உயிருள்ள புருவம்

அழகுக்கலைப் பயிற்சி நிலையத்தில் நாற்காலி எட்டு. மாணவிகள் இருபத்துநான்கு பேர். ஒரு பேட்சுக்கு எட்டுப் பேர்தான் என்று அக்கா தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். பதினொரு வருஷம் சலூனில் நின்றே கால் வீங்கியவள் அவள். ஆனால் நிர்வாகம் தம்பியுடையது. நிர்வாகப் படிப்பைப் பாதியில் விட்டவன் என்பதால் அவனுக்கு எல்லாமே அத்துப்படி.

"எட்டுப் பேர் ஃபீஸு வாடகைக்கே காணாதுக்கா. இருபத்துநாலுன்னா ஃபீஸைப் பாதியாக்கலாம். கூட்டம் பிச்சுக்கும்."

பிய்த்துக்கொண்டது. ஒருவர் முகத்தில் ஒருவர் பழகப் போதிய இடமில்லாததால், தம்பி பொம்மைத் தலைகளை வாங்கி இறக்கினான். அவற்றின் புருவம் பெயின்ட். பொம்மை கத்தாது, குறை சொல்லாது, வாடிக்கையாளராக இருக்க இதைவிட என்ன தகுதி வேண்டும்? மூன்று மாதம் அந்தப் பெயின்ட் மேல் புருவம் எடுக்கும் நூல் ஓடியது. பிறகு சான்றிதழ் அச்சானது. தங்க ஓரம், மின்னும் ஸ்டிக்கர். இருபத்துநான்கு பேருமே 'மிகச் சிறப்பு'. அக்காவும் மனசாட்சியை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

சான்றிதழ் கொடுக்கும் நாளன்று மூன்று கிளை வைத்திருக்கும் சலூன் முதலாளியம்மா ஆள் எடுக்க வந்திருந்தாள். அவள் நாலு பேரையாவது எடுத்தால்தான் அடுத்த பேட்ச் சேரும். இல்லையென்றால் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

முதலாளியம்மா சான்றிதழை வாங்கி விசிறிக்கொண்டாள். "அட்டை கெட்டியா இருக்கு. காத்து நல்லா வருது. முதல் மார்க்கு யாரு? என் கூட வந்த பொண்ணுக்குப் புருவம் எடு, பாக்கலாம்."

முதல் மார்க்கு நூலைப் பல்லில் கடித்தாள். கை அழகாகத்தான் ஓடியது. ஆனால், 'தோலை இழுத்துப் பிடிங்க' என்று சொல்லவே இல்லை. பொம்மையிடம் அதை யார் சொல்வார்கள்? தொய்ந்த தோல் நூலில் சிக்கியது. வந்த பெண் வீறிட்டாள். முதல் மார்க்கு அதைவிடச் சத்தமாக வீறிட்டாள்.

"நிஜ முகம் எத்தனை பண்ணிருக்கே?"

"இதான் முதல் மேடம்."

"ப்ராக்டிகல்ல தொண்ணூத்தெட்டு மேடம்!" என்றான் தம்பி.

"பொம்மைங்க யாராவது என் சலூனுக்கு வந்தா சொல்லியனுப்பறேன், தம்பி," என்று முதலாளியம்மா கைப்பையை எடுத்தாள்.

அக்கா வழி மறித்தாள். மேசையிலிருந்த சான்றிதழ்களை மொத்தமாக அள்ளிக் குப்பைக்கூடையில் போட்டாள். "இவங்க யாரும் பாஸ் ஆகலைங்க. எட்டெட்டாப் பிரிச்சு மறுபடி சொல்லித் தரேன், ஃபீஸ் வாங்காம. ஆளுக்கு முப்பது நிஜ முகம். அப்புறம் பரீட்சை நீங்களே வையுங்க."

முதலாளியம்மா யோசித்தாள். "எத்தனை முகம்னு சான்றிதழ்லயே எழுதணும். என் பரீட்சைல தேறினா நானும் கையெழுத்துப் போடறேன். அப்ப எடுத்துக்கறேன்."

அவள் படி இறங்கியதும் தம்பி குதித்தான். "ஆளுக்கு முப்பதா? அத்தனை நிஜ முகத்துக்கு நான் எங்கக்கா போவேன்?"

அக்கா அவன் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். இரண்டு புருவமும் கம்பளிப்பூச்சி மாதிரி கொழுத்துக் கிடந்தன.

"உக்காருடா," என்றாள்.