மாதா வந்த காரில் தித்திப்பு வாசம்

ஊட்டிச் சாமியார் கொடுத்தனுப்பிய பழைய சீமைக் காரில் மாதா சுரூபம் ஏறிய அன்று, காற்றுத் துவாரத்திலிருந்து தித்திப்பு வாசத்தோடு புகை கிளம்பியது. கண்ணாடியின் உள்பக்கம் பனி படிந்தது. "மாதா செஞ்ச புதுமை!" என்று ஊரே முழங்காலில் விழுந்தது.

மெக்கானிக் ஆரோக்கியமுத்துவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "புதுமையாம், வெங்காயம்!" கால்விரிப்பைத் தூக்கினான். இஞ்சின் சுடுதண்ணீர் ஓடும் ஹீட்டர் ஒழுகி, தரையெல்லாம் பிசுபிசுத்தது. உறையாமலிருக்கக் குளிர் ஊரில் அந்தத் தண்ணீரில் மருந்து கலப்பார்கள். தித்திக்கும், ஆனால் விஷம்.

"யாரும் தொட்டு வாயில வச்சிராதீங்க, செத்துப்போவீங்க!"

கூட்டம் பின்வாங்கியது. அவன் மனைவி வியாகுலமேரி, காய்ச்சலில் கிடந்த கைக்குழந்தையோடு முன்னால் வந்தாள். கையில் காலித் தீர்த்தப் புட்டி.

"கீழ சொட்டுனதப் புடிச்சு... இப்பத்தாங்க புகட்டுனேன்."