தொண்ணூறு சதவீதத்துக்கு வெளியே

எங்கள் கல்லூரிச் சேர்க்கைப் பிரிவு மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் 'நூறு'. எந்தப் பெற்றோர் வந்து எதைக் கேட்டாலும் "நூறு பர்சன்ட் சார்" என்பார். ஹாஸ்டல் வசதியா, நூறு. ஆய்வகமா, நூறு. வேலை கிடைக்குமா என்று கேட்டால் மட்டும் வாசலில் தொங்கும் பேனரைக் கை காட்டுவார். அதில் தொண்ணூறு என்றுதான் போட்டிருக்கும். அவருக்கே கொஞ்சம் கூச்சம் இருந்திருக்க வேண்டும்.

அந்தத் தொண்ணூறு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். கணினிப் பிரிவில் போன வருடம் படித்து முடித்தவர்கள் நாற்பத்தெட்டுப் பேர். அரியர் என்று எந்தப் பாடமும் பாக்கி இல்லாமல், மார்க்கும் இருந்து, கம்பெனிகள் ஆள் எடுக்க வரும்போது தேர்வில் உட்கார அனுமதி பெற்றவர்கள் முப்பது. அதில் இருபத்தேழு பேருக்கு வேலை. முப்பதில் இருபத்தேழு, தொண்ணூறு சதவீதம். கணக்கில் பிழையே இல்லை, அதுதான் என் வயிற்றெரிச்சல். வகுப்பில் உட்கார்ந்து படித்த மற்றப் பதினெட்டுப் பேரும் பிள்ளைகள் இல்லையா?

அதனால் என் மேசைக்கு வருகிறவர்களிடம் நாற்பத்தெட்டிலிருந்துதான் தொடங்குவேன். பேனரில் உள்ள பெரிய சம்பளம் ஒரே ஒரு பெண்ணுடையது, வேலை கிடைத்தவர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவருக்கு அதில் பாதிகூட இல்லை என்பதையும் சொல்வேன். நூறு என்னைப் பார்த்துப் பல்லைக் கடிப்பார். கடிக்கட்டும். நான் சேர்த்த பிள்ளைகள் பாதியில் நின்று பணத்தைத் திருப்பிக் கேட்பதில்லை என்பதால் என்னை வேலையைவிட்டு அனுப்பவும் அவருக்கு மனசு வரவில்லை. எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

அன்று வந்தது ஒரு பஸ் டிரைவரின் குடும்பம். அவர், மனைவி, மகள். அந்தப் பெண் எங்கள் கணினிப் பாடத்திட்டத்தையே பிரின்ட் எடுத்து, பென்சிலால் கோடு போட்டுக் கொண்டு வந்திருந்தாள். இப்படி ஒரு பிள்ளையைப் பார்த்தால் எனக்கு உடனே பிடித்துப்போகும். நான் தண்ணீர் பிடிக்க எழுந்தபோது அம்மாக்காரி பின்னாலேயே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், வேலை கண்டிப்பா கிடைக்கும்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. இல்லைன்னா அவரு எந்திரிச்சுப் போயிருவாரு. பக்கத்துல சீக்கிரம் முடியற ஒரு குட்டிப் படிப்புல சேத்துவிட்டுருவேன்னு சொல்றாரு. இவ இந்தப் படிப்பு இந்தப் படிப்புன்னு ரெண்டு வருஷமா உயிரை விடுறா."

"அப்படி யாராலயும் சொல்ல முடியாதும்மா."

"வெளிய பேனர்லயே போட்டிருக்கே?"

வழக்கமாகப் பொய் எங்கள் பக்கத்திலிருந்துதான் போகும். எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்டு வாங்க வந்த முதல் ஆள் இவள்தான். ஒரு நிமிடம் எனக்கும் சபலம் தட்டியது. அந்தப் பெண்ணுக்கு நல்லதுதானே, ஒரு வார்த்தைதானே என்று. அப்புறம் என் மேலேயே கோபம் வந்தது. நூறும் தினமும் இப்படித்தான் நினைத்துக்கொள்வார் போலிருக்கிறது.

நாற்காலிக்குத் திரும்பியதும் டிரைவர் கேட்டார். "முடிச்சா வேலை கிடைக்குமாம்மா?"

நான் நாற்பத்தெட்டு, முப்பது, இருபத்தேழு எல்லாவற்றையும் சொன்னேன். விடுபட்டவர்களில் சிலர் மேலே படிக்கப் போனார்கள், சிலர் சொந்தத் தொழிலைப் பார்க்கிறார்கள். பன்னிரண்டு பேருக்கு இன்னும் எதுவும் அமையவில்லை. கல்லூரி கம்பெனிகளை வரவழைக்கும், பயிற்சி கொடுக்கும், வேலைக்கு உத்தரவாதம் கொடுக்காது என்றேன். அம்மாவின் முகம் தொங்கிப்போனது. மகள் என்னை முறைத்த முறைப்பில் நான் அவளுக்கு ஜென்ம விரோதி.

டிரைவர் எழுந்து போகவில்லை. தலையைச் சொறிந்துகொண்டார்.

"வேலை கிடைக்குமான்னு கேக்க மட்டுந்தாம்மா எனக்குத் தெரியும். இங்க வந்தா வேற என்ன கேக்கணும்னு தெரியல." மகளைப் பார்த்தார். "நீ கேளும்மா. நீதானே படிக்கப் போற."

அவள் பிரின்ட்டைப் புரட்டினாள், மூடினாள். பென்சிலால் கோடு போட்டவை எதிலும் அவளுக்கு இப்போது கேள்வி இல்லை போலும்.

"அந்தப் பன்னிரண்டு பேரும் இப்ப என்ன பண்றாங்க?"

இத்தனை பெருமையாக எண்ணிக்கை சொல்கிறேனே, அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. எனக்கு அவர்கள் ஒரு எண், அவ்வளவுதான். நூறு அவர்களைக் கணக்கிலிருந்து எடுத்தார், நான் கணக்கில் சேர்த்தேன். ஆளைத் தேடியது இருவருமே இல்லை.

"தெரியல. கேட்டுச் சொல்றேன்" என்று மேசை போனை எடுத்தேன். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவன் என் மூலமாகச் சேர்ந்தவன், நன்றாக ஞாபகம் இருந்தது. எங்கள் போனில் எதிர்முனை பேசுவது ஊருக்கே கேட்கும். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான். நான் யாரென்று சொல்லி வாய் மூடவில்லை.

"மேடம்! வேலை ஏதாவது வந்திருக்கா மேடம்?"

அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் என்ன செய்வேன்? மேசைக்கு எதிரே மூன்று பேரும் அசையாமல் இருந்தார்கள்.

"இல்லப்பா. மன்னிச்சுக்கோ. இங்க ஒரு பொண்ணு சேரலாமான்னு யோசிக்குது. பக்கத்துல அவங்க அப்பா அம்மாவும் இருக்காங்க, பேசுறது கேக்கும். ரெண்டு வார்த்தை சொல்றியா? இஷ்டம் இல்லைன்னா வேண்டாம்."

"குடுங்க" என்றான்.

அந்தப் பெண் போனை இரண்டு கையாலும் வாங்கினாள். "அண்ணா, படிப்பு நல்லா இருந்துச்சா?"

"படிப்பு நல்லாத்தாம்மா இருந்துச்சு. சொல்லிக் குடுக்குறவங்களும் நல்லவங்கதான். நான்தான், காலேஜே வேலை வாங்கிக் குடுத்துரும்னு நம்பி, ரெண்டு அரியரையும் அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டேன். கம்பெனி வரும்போது உள்ள உக்கார விடல. பேனர்ல அதெல்லாம் போடலையே. இப்ப எங்க மாமா கடையில பில் போடுறேன். ராத்திரி நானா உக்காந்து படிக்கிறேன். நீ இதையெல்லாம் மொதல்லயே தெரிஞ்சுக்கிட்டுச் சேரு."

போனை வைத்தபின் டிரைவர் மகளிடம் கேட்டார். "என்னம்மா, இதுதான் வேணுமா?"

"தெரியலப்பா."

"ரெண்டு வருஷமா உயிரை விட்டியேடி!" என்றாள் அம்மா.

"சேந்தாலே வேலை வந்துரும்னு நானும் நெனச்சுட்டேம்மா."

பொய் தேவைப்பட்டது அப்பாவுக்கு மட்டும்தான் என்று அந்த அம்மா நினைத்திருந்தாள், நானும் அப்படியே நினைத்தேன். மகள் ஏற்கெனவே நம்பிக்கொண்டு வந்திருந்தாள்.

"இன்னிக்கு எதுவும் கட்டாதீங்க. ஒருநாள் வந்து வகுப்புல உக்காந்து பாக்கட்டும்" என்றேன். நூறு தூரத்திலிருந்து தலையில் அடித்துக்கொண்டார்.

அவள் ஒரு நாளுக்குப் பதில் இரண்டு நாள் வந்து உட்கார்ந்தாள். மூன்றாவது முறை அப்பாவுடன் வந்து சேர்ந்தாள். கையெழுத்துப் போடும்போது அவர் என்னிடம் வேலையைப் பற்றிக் கேட்கவில்லை. மகளிடம்தான் சொன்னார், "அரியர் மட்டும் வச்சிராதம்மா."

அவர்கள் போனதும் மீதிப் பதினொரு பேருக்கும் போன் செய்ய உட்கார்ந்தேன். முதலாமவள் என் பெயரைக் கேட்டதுமே, "வேலையா மேடம்?" என்றாள். இரண்டாமவனும் அதையேதான் கேட்டான். மூன்றாவது நம்பரை அழுத்தினேன். எதிர்முனையில் ஹலோ கேட்டதும் என் பெயரைக்கூடச் சொல்லாமல் முந்திக்கொண்டேன்.

"வேலை எதுவும் வரலப்பா. நீ எப்படி இருக்கேன்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."