மூலைக் கட்டத்தில் வேதநாயகி

அறிவியல் பாட வீடியோவில் பேசுகிறவர் தியாகு. திரையின் வலது கீழ்மூலைக் கட்டத்தில் அதைச் சைகைமொழியில் சொல்பவள் வேதநாயகி. காது கேளாத பிள்ளைகள் அவளையே பார்க்கிறார்கள் என்று கேட்டதும் தியாகுவுக்கு வயிறு எரிந்தது. அன்று சமைக்க அடுப்பே தேவைப்படவில்லை.

அடுத்த படப்பிடிப்பில் கேமராக்காரர் கோபாலனிடம், “அவ விளக்குல ஒண்ணை அணை. கட்டத்தைத் தபால்தலை அளவாக்கு” என்றார்.

“விரல் தெரியாதே, மிஸ்யே?” கோபாலனுக்கு ஐயா என்றால் மிஸ்யே.

“என் முகம் தெரியுதில்ல?”

பாடம் ஓடிய நாளில் தியாகு வக்குவா ஊரின் காது கேளாதோர் பள்ளிக்கே போனார். விரல்களைத் தேடிய பிள்ளைகள் மூக்கு டிவியில் ஒட்ட நெருங்கினார்கள். அவர்கள் தலைகளுக்குப் பின்னால் திரையிலிருந்த தியாகுவின் முகம் மறைந்தது.

ஸ்டுடியோவுக்கு ஓடினார். “கோபாலா, திரையில மூணுல ஒரு பங்கு அவளுக்குக் குடு. முகத்துலயும் கையிலயும் நிழல் விழாம ரெண்டு பக்கமும் விளக்கு வை.”

“ஏன் மிஸ்யே?”

“பசங்க தள்ளி உட்காரட்டும்யா. அப்பவாவது என் மூஞ்சி தெரியும்!”